பயிற்சித்தாள்: பரவலும் சவ்வூடு பரவலும் – தாவரச் செல்லில் நீர் எந்தப் பக்கம் நகரும்?

மேல்நிலை முதலாம் ஆண்டு, தாவரவியல் செய்முறை
நேரம்: இரண்டு பாடவேளைகள். விடைகளைச் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதவும்.

தொடங்கும் முன்

ஒரு பொருளின் மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்தை நோக்கித் தாமாகவே பரவி நிற்பது பரவல் ஆகும். தேர்வு கடத்து சவ்வு ஒன்றின் வழியே நீர் மட்டும் இவ்வாறு இடம்பெயர்வதைச் சவ்வூடு பரவல் என்கிறோம். செல் சவ்வில் நீர் கடப்பதற்கென்றே அக்குவாபோரின் எனப்படும் புரத வழிகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

"உப்பு எங்கே அதிகமோ அங்கே நீர் போகும்" என்ற சொற்றொடரை மனப்பாடம் செய்து விடை எழுதும் வழக்கம் நம் வகுப்புகளில் வேரூன்றியிருக்கிறது. விலங்குச் செல்லுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தாவரச் செல்லுக்கோ உறுதியான செல் சுவர் இருப்பதால், உள்ளே நுழைந்த நீர் சுவரை அழுத்த, சுவர் திருப்பி அழுத்துகிறது. இந்த அழுத்தத்தையும் கணக்கில் கொள்ளாவிட்டால் கணிப்பு தவறிப்போகும். எனவே ஒவ்வொரு வினாவிலும் கீழ்க்கண்ட சமன்பாட்டைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

Ψ = Ψs + Ψp

இதில் Ψ என்பது நீரியல் திறன், Ψs என்பது கரைபொருள் திறன், Ψp என்பது அழுத்தத் திறன். திறந்த பாத்திரத்திலுள்ள தூய நீரின் Ψ பூஜ்ஜியம். கரைபொருள் சேரச் சேர Ψs மேலும் எதிர்க்குறி மதிப்பாகிறது. நீர் எப்போதும் Ψ அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நிகரமாக நகரும், −0.3 என்பது −0.5-ஐ விட அதிகம் என்பதை மறக்கலாகாது.

பகுதி அ: பரவல்

1. அசையாத நீருள்ள இரு பெட்ரி தட்டுகளின் நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒவ்வொன்று இடப்படுகிறது. ஒன்றில் குளிர்ந்த நீர், மற்றொன்றில் வெந்நீர். எதில் ஊதா நிறம் விரைந்து பரவும்? காரணம் கூறுக.

பகுதி ஆ: ரியோ இலையின் கீழ்ப்புறத் தோல்

ரியோ இலையின் அடிப்பக்கத்து ஊதா நிறத் தோலை இடுக்கியால் மெல்லியதாக உரித்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நிறமி செல்லின் வாக்குவோலுக்குள் கரைந்திருப்பதால் செல் முழுவதும் நிறம் நிரம்பியதுபோல் தோன்றும். அடுத்த கட்டத்தில் மூடுவில்லையின் ஒரு விளிம்பில் 1 மோலார் சுக்ரோஸ் கரைசலை விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை வைத்து இழுக்க வேண்டும். அவ்வாறு செய்யும் முன்பே, பின்வருவனவற்றுக்கு உங்கள் கணிப்பை எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதுவது கணிப்பாகாது.

2. நீர் செல்லுக்குள் செல்லுமா, வெளியேறுமா? ஊதாப் பகுதியின் பரப்பும் நிறத்தின் அடர்த்தியும் எவ்வாறு மாறும்?

3. புரோட்டோபிளாசம் சுருங்கிச் சுவரை விட்டு விலகிய பின், சுவருக்கும் செல் சவ்வுக்கும் இடையிலான இடைவெளியில் என்ன இருக்கும்: காற்றா, நீரா, சுக்ரோஸ் கரைசலா?

4. உடனே அதே தோலை வாலை வடிநீரில் இட்டால் என்ன நிகழும்? செல் வெடிக்குமா?

பகுதி இ: உருளைக்கிழங்குத் துண்டுகள்

தக்கைத் துளைப்பானால் ஒரே கிழங்கிலிருந்து எடுத்து, 5.00 கிராம் எடையாகச் சரிசெய்த துண்டுகள் 25 டிகிரி செல்சியஸில் வெவ்வேறு சுக்ரோஸ் கரைசல்களில் ஓர் இரவு வைக்கப்பட்டு, மேற்பரப்பு ஈரம் ஒற்றியெடுக்கப்பட்டு எடையிடப்பட்டன.

| கரைசல் (மோலார்) | இறுதி எடை (கிராம்) |
|---|---|
| 0.0 | 5.90 |
| 0.2 | 5.30 |
| 0.4 | 4.70 |
| 0.6 | 4.20 |
| 0.8 | 3.90 |

5. ஒவ்வொன்றுக்கும் எடைமாற்றச் சதவீதம் கண்டு வரைபடம் வரைக. எந்தச் செறிவில் எடை மாறாதிருக்கும்?

6. Ψs = −iCRT என்ற வாய்பாட்டில் சுக்ரோஸுக்கு i = 1, R = 0.00831, T = 298 எனக் கொண்டு கிழங்குத் திசுவின் நீரியல் திறனை மெகாபாஸ்கலில் காண்க.

7. இதே கிழங்கின் துண்டை 0.3 மோலார் சோடியம் குளோரைடு கரைசலில் இட்டால் தொடக்கத்தில் நீர் எத்திசையில் நகரும்?

8. துண்டுகளை முன்கூட்டியே கொதிக்கவைத்திருந்தால், இந்தச் சோதனை ஏன் பயனற்றுப்போகும்?

பகுதி ஈ: அடுத்தடுத்த செல்கள்

9. செல் அ: Ψs = −0.8, Ψp = +0.5 மெகாபாஸ்கல். செல் ஆ: Ψs = −0.6, Ψp = +0.1 மெகாபாஸ்கல். இரண்டும் ஒட்டி அமைந்துள்ளன. நீர் எதிலிருந்து எதற்குச் செல்லும்?

10. மாவடுவைக் கல் உப்பில் குலுக்கி வைத்தால் சில நாட்களில் ஜாடியில் நீர் விட்டு, வடு சுருங்குகிறது. வெளியிலிருந்து யாரும் ஊற்றாத அந்த நீர் எங்கிருந்து வந்தது? தொட்டிச் செடிக்கு யூரியாவை அளவுக்கு மீறி இட்டால் அது வாடுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விடைகளும் விளக்கங்களும்

1. வெந்நீரில். வெப்பநிலை உயர்ந்தால் மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் கூடும்.

2. நீர் வெளியேறும். ஊதாப் பரப்பு சிறுத்துச் செல்லின் ஒரு பக்கமாகவோ நடுவிலோ ஒதுங்கும்; நிறமி வெளியேறாமல் நீர் மட்டும் வெளியேறுவதால் நிறம் முன்னைவிட அடர்ந்து தெரியும். இந்நிலை பிளாஸ்மா சிதைவு ஆகும்.

3. சுக்ரோஸ் கரைசல். செல் சுவர் கரைபொருளைத் தடுப்பதில்லை. தடுப்பது செல் சவ்வே. பலரும் "வெற்றிடம்" என்று எழுதும் இடம் இது, ஆகவே படம் வரையும்போது இடைவெளியைக் கரைசல் எனக் குறித்துக் காட்டவும்.

4. நீர் உள்ளே புகுந்து, புரோட்டோபிளாசம் மீண்டும் சுவரைத் தொடும். வெளியே தூய நீர் எனில், செல்லின் Ψp அதன் Ψs-க்குச் சமமான நேர்க்குறி மதிப்பை எட்டியதும் Ψ பூஜ்ஜியமாகி நிகர நகர்வு நின்றுவிடும். சுவரின் எதிரழுத்தமே செல்லை வெடிக்காமல் காக்கிறது. அப்போதும் நீர் மூலக்கூறுகள் இரு திசையிலும் கடந்துகொண்டேதான் இருக்கும். நெடுநேரம் சிதைந்த நிலையில் விடப்பட்ட செல் இறந்துபோகக்கூடும் என்பதால் "உடனே" என்ற சொல் வினாவில் உள்ளது.

5. முறையே +18, +6, −6, −16, −22 சதவீதம். கோடு பூஜ்ஜியத்தைக் கடப்பது ஏறத்தாழ 0.3 மோலாரில்.

6. Ψ = −(1 × 0.3 × 0.00831 × 298) = −0.74 மெகாபாஸ்கல். எடை மாறாத கரைசலின் Ψ-யும் திசுவின் Ψ-யும் சமம் என்பதால் கரைசலுக்குக் கண்ட மதிப்பே திசுவுக்கும் உரியது. கரைசல் திறந்த பாத்திரத்தில் இருப்பதால் அதன் Ψp பூஜ்ஜியம்.

7. வெளியே. சோடியம் குளோரைடு இரு அயனிகளாகப் பிரிவதால் i ஏறத்தாழ 2. கரைசலின் Ψ சுமார் −1.49. மோலார் அளவு ஒன்றாயிருப்பதால் மட்டும் இரு கரைசல்கள் ஒத்த செறிவுடையன ஆகிவிடா.

8. கொதிநீரில் சவ்வுகள் சிதைந்து தேர்வு கடத்தும் தன்மையை இழக்கின்றன. கரைபொருளும் தடையின்றிக் கடப்பதால் அங்கு நடப்பது வெறும் பரவலே.

9. அ-வின் Ψ = −0.3; ஆ-வின் Ψ = −0.5. ஆகவே நீர் அ-விலிருந்து ஆ-வுக்குச் செல்லும். கரைபொருள் அ-வில்தான் அதிகம். ஆயினும் அதன் உயர்ந்த விறைப்பழுத்தம் நீரை வெளித்தள்ளுகிறது. Ψs-ஐ மட்டும் ஒப்பிட்டு விடையெழுதியவர்கள் இக்கணக்கை மீண்டும் ஒருமுறை முழுமையாகச் செய்யவும்.

10. வடுவின் செல்களிலிருந்து. மேற்பரப்பில் கரையும் உப்பு வெளிக்கரைசலின் Ψ-ஐ வெகுவாகத் தாழ்த்துகிறது. யூரியா மிகுந்த மண்நீரின் Ψ வேர்த்தூவிச் செல்களின் Ψ-ஐ விடக் குறைந்தால், வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரமான மண்ணில் நின்றபடியே செடி வாடும். நிறைய நீர் ஊற்றி உரத்தை வடியவிட்டால், தொடக்கநிலையிலுள்ள செடி தேறக்கூடும்.