குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவியின் பெயரைப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
கோ. சண்முகநாதன்
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்
திருமங்கலம், மதுரை மாவட்டம்

பெறுநர்
அலுவலகத் தலைவர் அவர்கள்
மத்தியப் பொதுப்பணித் துறை
சென்னை

நாள்: 03.07.2025

பொருள்: மறுமணத்துக்குப் பின் மனைவியின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்தல், நிலுவைத் தொகைக்கான நாமினியை மாற்றுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றி 30.06.2016 அன்று ஓய்வு பெற்றேன். என் ஓய்வூதிய ஆணையில் குடும்ப ஓய்வூதியத்துக்கு என் மனைவி வசந்தாவின் பெயர் இருக்கிறது. அவர் 19.11.2020 அன்று காலமானார். இறப்புச் சான்றிதழை அப்போதே அனுப்பினேன். அவருடைய பெயர் நீக்கப்பட்டதாக எனக்கு இதுவரை கடிதம் ஏதும் வரவில்லை. இந்த விண்ணப்பத்தோடு சேர்த்து அதையும் முடித்துத் தர வேண்டுகிறேன்.

12.02.2025 அன்று நான் சீ. கமலவேணியை மறுமணம் செய்துகொண்டேன். திருமணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. அவருடைய பிறந்த நாள் 08.05.1965. இது அவருக்கு முதல் திருமணம். அவர் வேறு எந்த ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் பெறவில்லை. திருமணத்துக்குப் பிறகும் அவர் தன் இனிஷியலை மாற்றிக்கொள்ளவில்லை. ஆதாரில் உள்ளபடியே பெயரையும் எழுத்துக்கூட்டலையும் பதிவு செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னாளில் வங்கியில் அவர்தான் சிரமப்படுவார்.

ஓய்வுக்குப் பிறகு நடந்த திருமணம் என்பதால் கேள்வி எழக்கூடும். அப்படிப்பட்ட மனைவிக்கும் குடும்ப ஓய்வூதிய உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பகவந்தி வழக்கில் தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகளில் குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும் 50-ஆம் விதியும் இந்த உரிமையை ஏற்கிறது. எனவே படிவம் 4-இல் குடும்ப விவரங்களைப் புதிதாக நிரப்பி இணைத்திருக்கிறேன். என் ஒரே மகள் திருமணமாகிக் கணவர் வீட்டில் இருக்கிறார். அவர் விவரமும் அதில் உண்டு. இந்தத் திருமணம் அவர் முன்னிலையில்தான் நடந்தது.

இன்னொன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். வங்கியில் விசாரித்தபோது, நாமினி படிவம் ஒன்று கொடுத்தால் போதும் என்றார்கள். அது போதாது என்றே கருதுகிறேன். 1983-ஆம் ஆண்டு நிலுவைத் தொகை நியமன விதிகளின்படி கொடுக்கும் படிவம், நான் இறக்கும்போது எனக்கு வரவேண்டியிருந்த ஓய்வூதிய பாக்கிக்கு மட்டுமே செல்லும். மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் விதிப்படி மனைவிக்குச் சேருவது. அதற்கு ஓய்வூதிய ஆணையிலேயே பெயர் இருக்க வேண்டும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன். நிலுவைக்கான நியமனத்தில் வசந்தாவுக்குப் பதிலாகக் கமலவேணியை நியமித்துப் படிவம் 'அ' இணைத்துள்ளேன். அதன் ஒரு பிரதியை வங்கியிலும் கொடுத்துவிட்டேன்.

பிறந்த தேதியையும் தவறாமல் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்ததும் 20 விழுக்காடு, 85-இல் 30, 90-இல் 40 என்று கூடுதல் தொகை வருகிறது. தேதி ஆணையில் இல்லாவிட்டால் அந்த வயதில் அவர் சான்றிதழ் தேடி அலைய நேரும். எனக்கு இப்போது 69 வயது. நான் உயிரோடு, கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இது முடிந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. கமலவேணிக்குச் சொந்த வருமானம் கிடையாது. எனக்குப் பிறகு அவர் யாரையும் சார்ந்து நிற்கக் கூடாது.

திருத்தத்தைச் சம்பளக் கணக்கு அலுவலகம் வழியாக மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கும், அங்கிருந்து என் வங்கியின் ஓய்வூதியச் செயலாக்க மையத்துக்கும் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். திருத்திய ஆணையின் நகல் ஒன்று எனக்கும் வேண்டும். ஓய்வூதியம் வரும் கணக்கை ஏற்கெனவே இருவர் பெயரிலும், இருவரில் எவரும் இயக்கும்படி, மாற்றிவிட்டோம்.

ஏதாவது ஆவணம் குறைந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பாமல் கடிதம் மூலம் தெரிவியுங்கள், உடனே அனுப்புகிறேன். இந்த விண்ணப்பம் கிடைத்ததற்கு ஒப்புகை அளிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. சண்முகநாதன்

இணைப்பு: ஓய்வூதிய ஆணை நகல், வசந்தாவின் இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், கமலவேணியின் ஆதார் மற்றும் பான் நகல்கள், பிறந்த தேதிக்கான பள்ளிச் சான்றிதழ், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படங்கள், அவருடைய மாதிரிக் கையெழுத்து, படிவம் 4, படிவம் 'அ', கூட்டுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம்.