திருப்பூர் சாயப்பட்டறை கேஸ்: திருத்திய முதல் பக்கம்

அன்புள்ள கோமதி,

வகுப்பில் விவாதிக்க நீங்கள் எழுதிய திருப்பூர் கேஸின் வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். நிட்டிங் மெஷின் ஓட்டுபவர் முதல் துறைமுக ஏஜென்ட் வரை பேசி நீங்கள் திரட்டியிருக்கும் தகவல்கள் அருமை. அந்த உழைப்பு வகுப்பறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் முதல் பக்கத்தில் துணிந்து கைவைத்திருக்கிறேன். ஏற்றுமதி நிறுவனத்தின் பொது மேலாளர் சரவணன் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது உங்கள் வரைவில் நான்காம் பக்கத்தின் அடியில்தான் தெரிகிறது. இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் இதைப் பிரிக்கும் மாணவர், எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரியாமலே மூன்று பக்கங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் தொடக்கம் இது:

"வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல், கொங்கு மண்ணின் உயிர்நாடியாக விளங்கிய நதி. அதன் கரையில் வளர்ந்த திருப்பூர், உலகெங்கும் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரம். சாயப்பட்டறைகளின் கழிவுநீரால் நதி மாசடைந்ததை எதிர்த்து விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011-இல் வந்த உத்தரவு தொழிலையே உலுக்கியது. இத்தகைய சூழலில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று சந்தித்த சவால்களை இந்தக் கேஸ் விவரிக்கிறது."

இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் இந்தப் பத்தியில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. நதி ஓடுகிறது, நகரம் வளர்கிறது, உத்தரவு வருகிறது. முடிவெடுக்க வேண்டிய மனிதர் எங்கும் இல்லை. 'சவால்கள்' என்ற சொல் அந்த இடத்தை மூடி மறைத்துவிடுகிறது.

என் திருத்தம் கீழே. முதல் பத்தியை மட்டும் தனியாகக் கிழித்து ஒரு மாணவரிடம் கொடுத்தாலும் அவர் விவாதத்தைத் தொடங்கிவிட முடியும் என்ற எண்ணத்தில் எழுதியது.

*

2011 பிப்ரவரி 3, வியாழக்கிழமை. மாலை நாலரை மணிக்கு ஜெர்மனியிலிருந்து பையரின் கொள்முதல் மேலாளர் தொலைபேசியில் அழைப்பார். 1,20,000 டி-ஷர்ட்டுகள் சொன்னபடி மார்ச் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் கப்பலேறுமா என்று கேட்பார். பொது மேலாளர் சரவணன் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆறு நாட்களுக்கு முன், ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஆர்டருக்குத் தேவையான 24 டன் துணியில் 8 டன்னுக்குத்தான் சாயம் ஏறியிருந்தது. மீதி 16 டன் கிரே துணியாகவே கிடங்கில் கிடந்தது. அதை லூதியானாவுக்கு அனுப்பிச் சாயமேற்றி, இழந்த நாட்களை ஈடுகட்டச் சரக்கை விமானத்தில் அனுப்பலாம். லூதியானாவில் சாயமேற்றிவிட்டு, பையரிடம் அவகாசம் கேட்டு, தாமதத்துக்கான தள்ளுபடியை ஏற்றுக்கொண்டு கப்பலிலேயே அனுப்பலாம். அல்லது கையில் இருக்கும் துணியில் 40,000 உருப்படிகளை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு மீதி ஆர்டரைத் திருப்பிவிடலாம். முதல் வழியில் கைநட்டம் நிச்சயம். இரண்டாவதில் லாபம் கரைந்துபோகும். மூன்றாவதில் அடுத்த சீசன் ஆர்டரே வராமல் போகலாம். "நீங்கள் பையருக்குக் கொடுக்கும் வாக்குதான் கம்பெனியின் வாக்கு" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஆர்டரின் மதிப்பு 3,12,000 டாலர். டாலருக்கு 45 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1.40 கோடி ரூபாய். அதில் எட்டு சதவீதம், அதாவது 11.2 லட்சம், லாபமாக நிற்கும் என்று சரவணன் கணக்குப் போட்டிருந்தார். லூதியானாவில் கேட்கும் கூலியும் போக வர லாரி வாடகையும் சேர்ந்து கிலோவுக்கு 35 ரூபாய் கூடுதலாகும். 16 டன்னுக்கு 5.6 லட்சம். பெட்டிகளோடு சேர்த்து 14 டன் சரக்கை விமானத்தில் அனுப்ப 18.2 லட்சம். கப்பலில் தாமதமாக அனுப்பினால், தாமதமான உருப்படிகளின் விலையில் ஐந்து சதவீதம் தள்ளுபடி. 80,000 உருப்படிகளுக்கு அது 4.68 லட்சம்.

பணத்தைவிட நாட்கள்தான் சரவணனை வருத்தின. மேஜையில் பழைய பட்டறை நிற ஒப்புதலுக்காகச் சாயமேற்றிக் கொடுத்த மாதிரித் துண்டுகளின் லேப் டிப் அட்டை இருந்தது: உள்ளங்கையில் அடங்கும் நேவி நிறத் துண்டுகள் மூன்று, ஏ, பி, சி என்று குறித்து ஒட்டியவை. 'பி' துண்டுக்குப் பக்கத்தில் பையரின் கையெழுத்து. பட்டறை மாறினால் அந்தக் கையெழுத்து செல்லாது. புதிய பட்டறை மீண்டும் துண்டுகள் போட்டு, கூரியரில் ஜெர்மனிக்கு அனுப்பி, அங்கே விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து ஒப்புதல் தர ஒன்பது நாட்கள். அது வரும்வரை காத்திராமல் துணியை லாரியில் ஏற்றிவிடலாம். ஆனால் நிறம் ஒத்துவரவில்லை என்றால் 16 டன் துணியும் 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் முடங்கும். ஒப்புதலுக்குப் பின் ஏற்றினால் போக எட்டு நாட்கள், சாயமேற்றப் பத்து, திரும்பி வர எட்டு. அதன் பிறகு கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்ந்து பதினெட்டு நாட்கள். மார்ச் 18 அதற்குள் கடந்துபோயிருக்கும்.

மதியம் ஒருவர் நேரில் வந்திருந்தார். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் ஜெனரேட்டர் வைத்து இரவில் சாயமேற்றித் தருவதாகச் சொன்னார். பழைய கூலிதான், பத்து நாட்களில் துணி கைக்கு வந்துவிடும் என்றார். கழிவுநீர் எங்கே போகும் என்று சரவணன் கேட்டார். வந்தவர் பதில் சொல்லாமல் தம் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பட்டறைகள் எப்போது திறக்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையை எட்டாதவரை திறக்கக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நிலை. பொது சுத்திகரிப்பு நிலையங்களும் உத்தரவில் அடங்கியிருந்தன. மின் இணைப்பைத் துண்டிக்கவும் சொல்லப்பட்டிருந்தது. சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார்கள் சிலர். இந்த ஆண்டு முழுக்க இப்படித்தான் என்றார்கள் வேறு சிலர். மணி மூன்றரை ஆகியிருந்தது.

*

இனி, ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

நொய்யலைக் கேஸிலிருந்து நான் எடுத்துவிடவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரைப் பற்றியும், அதனால் கெட்ட கிணறுகளைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கேஸின் மனசாட்சி. அதை இரண்டாம் பக்கத்தில், தனித் தலைப்பில் அப்படியே வைத்திருக்கிறேன். சரவணனின் நெருக்கடியைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பகுதிக்கு வரும் மாணவர், கிணறு இழந்த விவசாயியைப் பின்னணித் தகவலாகப் படிக்க மாட்டார். இந்த ஆர்டரின் விலையில் இதுவரை சேராமலிருந்த ஒரு செலவாகப் படிப்பார். அந்தப் பகுதி இரண்டாம் பக்கத்தில்தான் வலுவாக நிற்கிறது.

இரவுச் சாய விவகாரம் உங்கள் வரைவில் ஐந்தாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரவணனுக்கு அன்று மதியமே தெரிந்த ஒன்றை வாசகரிடம் மறைப்பது நியாயமில்லை. அதேசமயம், முதல் பத்தியில் மற்ற மூன்று வழிகளுக்கு அருகில் அதையும் நிறுத்தினால், அதுவும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய ஒரு வழி என்று ஆகிவிடும். முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும், வரிசையில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தேன். அந்த ஆளுக்குப் பெயரோ அடையாளமோ தர வேண்டாம்.

நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பது ஒன்று: பின்னால் நடந்தது எதுவும் முதல் பக்கத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. "தொழிலையே உலுக்கியது" என்ற சொற்றொடரே பின்னாளில் எழுதியது என்று காட்டிக்கொடுக்கிறது. பட்டறைகள் எப்படிப் படிப்படியாகத் திறந்தன என்பதும், சுத்திகரிப்பு நிலையங்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்பதும் பிப்ரவரி 3-ஆம் தேதி சரவணனுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் மாணவர்களில் பாதிப் பேர் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவார்கள். அவற்றையெல்லாம் வகுப்பு எடுப்பவருக்கு மட்டும் தரும் ஆசிரியர் குறிப்புக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே 'பிறகு நடந்தது' என்ற பகுதியில் விரிவாகவே எழுதுங்கள்.

நிறுவனரின் தந்தை இரண்டு மெஷின்களோடு தொழில் தொடங்கிய கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த முடிவுக்கு அது உதவவில்லை. முதலாளி ஏன் வாக்கைக் காப்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதை விளக்கும் நான்கு வரிகளை மட்டும் எடுத்து, நிறுவனம் பற்றிய பகுதியில் சேர்த்தேன்.

கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, சரிபாருங்கள். முதல் வழியில் கூடுதல் செலவு 23.8 லட்சம், லாபம் போக 12.6 லட்சம் நட்டம். இரண்டாம் வழியில் 10.28 லட்சம் செலவாகி, ஒரு லட்சத்துக்கும் குறைவாகக் கையில் நிற்கிறது. இரண்டாவதே சரி என்று வகுப்பு பத்து நிமிடத்தில் முடிவுகட்டிவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுப்பது நாள்கணக்குதான். மேலே உள்ள நாட்களைக் கூட்டினால் 53 வருகிறது. பிப்ரவரி 3-லிருந்து எண்ணினால் மார்ச் 28. பத்து நாள் தாமதம். கப்பல் பயணமும் சேர்ந்தால் சரக்கு கடைக்குப் போகும் தேதி பையரின் விற்பனைத் தொடக்கத்தைத் தாண்டுகிறதா என்பது முக்கியம். தாண்டினால் அவர் தள்ளுபடியோடு நிற்க மாட்டார், ஆர்டரையே ரத்து செய்யலாம். அந்தத் தேதி உங்கள் பின்னிணைப்பில் இல்லை. அதைச் சரவணனிடம் கேட்டு வாங்குங்கள். மாணவர் தாமே தேடி எடுத்துக் கணக்கிட வேண்டிய தகவல் அது என்பதால், அட்டவணையில் மட்டும் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு விவரங்கள் வேண்டும். விற்காமல் போனால் கிரே துணியை உள்ளூரில் என்ன விலைக்குத் தள்ள முடியும் என்பது ஒன்று. அது தெரியாமல் மூன்றாவது வழியை யாரும் எடைபோட முடியாது. அந்த மாதங்களில் நூல் விலை ஏறிக்கொண்டிருந்ததால், துணியைக் கையில் வைத்திருப்பதே லாபமாகத் தெரிந்திருக்கவும் கூடும். லேப் டிப் ஒப்புதலுக்கு ஒன்பது நாட்கள் என்பது வழக்கமான காலமா, அவசரப்படுத்தினால் குறையுமா என்பது இன்னொன்று.

பெயரையும் தொகைகளையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறோம் என்றாலும், முதல் பக்கத்தை நிறுவனத்துக்கு அனுப்பி எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். குறிப்பாக அந்த மதிய வருகை பற்றிய பத்தியை முதலாளி தாமே படித்துச் சம்மதிக்க வேண்டும். அவர் மறுத்தால் அந்தப் பத்தியை எடுத்துவிடுவோம், மற்றவை அப்படியே இருக்கும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஆசிரியர் குறிப்பை அதற்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து முடிப்போம்.

அன்புடன்,
மீனாட்சி