இருவர் ஆட்டம்: ஆதிக்க உத்தியும் நாஷ் சமநிலையும்

முதலாமாண்டு பி.ஏ. பொருளியல், நுண்ணினப் பொருளியல் தாள்
பருவத் தேர்வுக்கு முந்தைய திருப்புதல் குறிப்பு, தருமபுரி

மாதிரித் தேர்வில் இந்தப் பகுதியில் கணக்குத் தெரியாமல் மதிப்பெண் விட்டவர்கள் குறைவு. எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில் சறுக்கியவர்கள்தான் அதிகம். கட்டங்களில் கூட்டுத்தொகை பெரிதாக இருக்கும் கட்டத்தைத் தேடி வட்டம் போட்டுவிட்டு "இதுவே சமநிலை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு எவ்வளவு கிடைத்தால் ஊருக்கு நல்லது என்பது வேறு கேள்வி. ஆடுபவர் தன் பலனை மட்டும் பார்க்கிறார், எதிராளியின் செயல் அவர் கையில் இல்லை. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதல் ஆட்டம்: பக்கத்துப் பக்கத்துப் போர்வெல்

காரிமங்கலம் பக்கம் ஒரே வரப்பைப் பகிரும் இரண்டு தோட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 800 அடி போர். இருவருக்கும் முன்னால் இரண்டு வழிகள்: இருக்கிற ஆழத்தோடு விடலாம், அல்லது கடன் வாங்கி 1,200 அடிக்கு இறக்கலாம். அடியில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான். ஒருவர் ஆழம் இறக்கினால் மற்றவர் போரில் காற்றுதான் வரும். ஆண்டு வருமானம், செலவு போக, ஆயிரம் ரூபாயில் (எண்கள் கற்பனை):

| | முருகேசன்: அப்படியே விடு | முருகேசன்: ஆழப்படுத்து |
|---|---|---|
| கோவிந்தன்: அப்படியே விடு | 60, 60 | 20, 75 |
| கோவிந்தன்: ஆழப்படுத்து | 75, 20 | 35, 35 |

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் வரிசைக்காரருக்கு, அதாவது கோவிந்தனுக்கு. இரண்டாவது எண் நிரல்காரர் முருகேசனுக்கு. இதை விடைத்தாளில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது இது. வலப்பக்க நிரலை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். முருகேசன் அப்படியே விட்டுவிட்டார் என்று நினைத்து, கோவிந்தனின் எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள்: 60, 75. 75க்கு அடிக்கோடு. கையை நகர்த்தி இடப்பக்க நிரலை மூடுங்கள். இப்போது 20, 35. 35க்கு அடிக்கோடு. இரண்டு முறையும் "ஆழப்படுத்து" என்ற வரிசையே வென்றது. எதிராளி என்ன செய்தாலும் ஒரே உத்தி அதிகப் பலன் தந்தால் அது ஆதிக்க உத்தி. முருகேசனுக்குப் பார்க்கும்போது கையை வரிசைமேல் வைத்து, அவருடைய எண்களை இடமிருந்து வலமாக ஒப்பிட வேண்டும். அவருக்கும் அதே விடைதான்.

பலர் 60ஐ 20ஓடு ஒப்பிட்டு விடுகிறார்கள். அந்த இரண்டு எண்ணும் கோவிந்தனுடையவைதான், ஆனால் ஒரே வரிசையில் இருப்பவை. அவற்றுக்கிடையே தேர்ந்தெடுப்பது முருகேசன். கோவிந்தனால் வரிசையைத்தான் மாற்ற முடியும், நிரலை மாற்ற முடியாது.

இருவரும் ஆழப்படுத்துகிறார்கள். ஆளுக்கு 35. விட்டு வைத்திருந்தால் ஆளுக்கு 60 வந்திருக்கும். இருவருக்கும் இது தெரியும், தெரிந்தும் அங்கே போக முடியவில்லை. "விட்டு வைப்போம்" என்று டீக்கடையில் பேசி ஒத்துக்கொண்டாலும், மறுநாள் ரிக் வண்டியைக் கூப்பிடுபவருக்கு 75 கிடைக்கிறதே! அந்த ஆசை ஒரு பக்கம். தான் சும்மா இருந்து எதிராளி இறக்கிவிட்டால் 20தான் மிஞ்சும் என்ற பயம் மறுபக்கம். இந்த அமைப்புக்குத்தான் கைதிகளின் இக்கட்டு என்று பெயர். 1950இல் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் ஆகியோர் உருவாக்கிய ஆட்டத்துக்குக் கைதிக் கதையைச் சேர்த்தவர் ஆல்பர்ட் டக்கர். இரு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதும்.

"இக்கட்டைத் தீர்க்கும் வழி யாது" என்று கேட்டால், அறிவுரை சொன்னால் திருந்துவார்கள் என்று எழுத வேண்டாம். பலன் மாற வேண்டும். ஆழப்படுத்துபவருக்கு 20 (ஆயிரம்) அபராதம் என்று ஊர்க்கட்டுப்பாடு வந்தால், 75 என்பது 55 ஆகிறது, 35 என்பது 15 ஆகிறது. இப்போது 60 > 55, 20 > 15. ஆதிக்க உத்தியே "அப்படியே விடு" என்று புரண்டுவிடுகிறது. பொது வளங்களை மக்களே விதி வகுத்துக் காப்பாற்றுவதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தது. பத்து மதிப்பெண் விடையில் அவர் பெயரைச் சேர்க்க இது சரியான இடம்.

நாஷ் சமநிலை

மற்றவர் தன் உத்தியை மாற்றாதபோது, தனியாகத் தன் உத்தியை மாற்றி எவரும் கூடுதல் பலன் பெற முடியாத நிலை. இதுவே வரையறை. "தனியாக" என்ற சொல்லை விட்டால் மதிப்பெண் குறையும். ஜான் நாஷ் இதை 1950இல் வெளியிட்டார். 1994இல் ஹர்சான்யி, செல்டன் ஆகியோரோடு நோபல் பகிர்ந்துகொண்டார். இரண்டு எண்ணுக்கும் அடிக்கோடு விழுந்த கட்டமே சமநிலைக் கட்டம். ஆனால் விடையை (ஆழப்படுத்து, ஆழப்படுத்து) என்று உத்திகளாக எழுத வேண்டும். (35, 35) என்பது அந்தச் சமநிலையில் கிடைக்கும் பலன், சமநிலை அல்ல.

ஒருவருக்கு மட்டும் ஆதிக்க உத்தி இருந்தால்

கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய மாங்கூழ் ஆலை, ஒரு சிறிய ஆலை. சீசன் தொடங்கியதும் மாங்காய் வாங்குவதா, விலை இறங்கும் வரை காத்திருப்பதா? லாபம் லட்ச ரூபாயில்:

| | சிறியது: உடனே | சிறியது: காத்திரு |
|---|---|---|
| பெரியது: உடனே | 50, 10 | 60, 18 |
| பெரியது: காத்திரு | 40, 25 | 45, 20 |

பெரிய ஆலைக்கு 50 > 40, 60 > 45. ஆகவே "உடனே" ஆதிக்க உத்தி. சிறியதற்கு அப்படி ஒன்றுமில்லை. பெரியது உடனே இறங்கினால் காத்திருப்பது நல்லது (18 > 10), பெரியது காத்திருந்தால் உடனே இறங்குவது நல்லது (25 > 20). "ஆதிக்க உத்தி இல்லை, எனவே சமநிலை இல்லை" என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடாதீர்கள். பெரிய ஆலை எப்படியும் உடனே வாங்கும் என்று சின்ன ஆலைக்காரருக்குத் தெரியும். ஆகவே கீழ் வரிசையை அடித்துவிட்டு மேல் வரிசையில் மட்டும் தேர்ந்தெடுக்கிறார். சமநிலை (உடனே, காத்திரு), பலன் 60, 18. சிறியவர் 25ஐப் பார்த்து ஏங்கலாம், ஆனால் அது பெரியவர் விரும்பாத வரிசையில் இருக்கிறது.

இங்கே கூட்டுத்தொகை 78, நான்கு கட்டங்களிலும் அதுவே அதிகம். சமநிலை என்றாலே இருவருக்கும் நஷ்டம் என்று முதல் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்காகத்தான் இந்த எண்களைக் கொடுத்தேன்.

இரண்டு சமநிலை, ஒன்றுமே இல்லாத நிலை

ஒரு மாமனும் மச்சானும் தக்காளியைப் பாலக்கோடு சந்தைக்கோ ராயக்கோட்டை சந்தைக்கோ அனுப்ப வேண்டும். ஒரே சந்தை என்றால் மினி லாரி வாடகையைப் பங்கு போடலாம். இருவரும் பாலக்கோடு என்றால் 6, 6. இருவரும் ராயக்கோட்டை என்றால் 5, 5. பிரிந்து போனால் 2, 2. யாருக்கும் ஆதிக்க உத்தி இல்லை, நாஷ் சமநிலையோ இரண்டு. (ராயக்கோட்டை, ராயக்கோட்டை) என்பதும் நிலையானதுதான், ஏனென்றால் அங்கிருந்து ஒருவர் மட்டும் விலகினால் அவருக்கு 5 போய் 2 வரும். இருவரும் சேர்ந்து மாறினால் லாபம்தானே என்று வகுப்பில் கேட்டீர்கள். சேர்ந்து மாறுவதை வரையறை கணக்கில் எடுப்பதில்லை. எந்தச் சமநிலை நடக்கும் என்பதை அட்டவணை சொல்லாது. பழக்கம், முன்பேச்சு, ஒரு போன் கால் இவைதான் முடிவு செய்யும்.

இருவரும் ஆளுக்கொரு நாணயத்தில் பூவையோ தலையையோ தேர்ந்து ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள்; இரண்டும் ஒன்றாக இருந்தால் வெற்றி ஒருவருக்கு, வேறாக இருந்தால் மற்றவருக்கு. எந்தக் கட்டத்திலும் தோற்றவர் மாற விரும்புவார். "தூய உத்திகளில் நாஷ் சமநிலை இல்லை" என்று எழுதி நிறுத்துங்கள். கலப்பு உத்தி இந்தத் தாளில் இல்லை.

பத்து மதிப்பெண் வினாவும் மாதிரி விடையும்

*கிருஷ்ணகிரியில் இரண்டு ஜவுளிக் கடைகள் தீபாவளிக்குத் தள்ளுபடி தருவதா வேண்டாமா என்று ஒரே நேரத்தில் முடிவு செய்கின்றன. இருவரும் தராவிட்டால் தலா 12 லட்சம். இருவரும் தந்தால் தலா 8. ஒருவர் மட்டும் தந்தால் தருபவருக்கு x, தராதவருக்கு 5. x-இன் மதிப்பைப் பொறுத்துச் சமநிலைகளைக் காண்க.*

விடை: முதல் எண் கடை 1க்கு, இரண்டாவது எண் கடை 2க்கு.

| | கடை 2: தராதே | கடை 2: தா |
|---|---|---|
| கடை 1: தராதே | 12, 12 | 5, x |
| கடை 1: தா | x, 5 | 8, 8 |

கடை 2 தள்ளுபடி தந்தால், கடை 1க்குத் தருவது 8, தராதது 5. ஆகவே தருவதே மேல். இதில் x-க்கு வேலையில்லை. கடை 2 தராவிட்டால், தருவது x, தராதது 12. இரு கடைகளின் பலனும் ஒத்திருப்பதால் கடை 2க்கும் இதே ஒப்பீடு பொருந்தும்.

x > 12 எனில், "தா" இருவருக்கும் ஆதிக்க உத்தி. ஒரே நாஷ் சமநிலை (தா, தா), பலன் 8, 8. இருவரும் தராமல் 12, 12 பெற்றிருக்கலாம் என்பதால் இது கைதிகளின் இக்கட்டு.

x < 12 எனில், யாருக்கும் ஆதிக்க உத்தி இல்லை. எதிராளி செய்வதையே செய்வது சிறந்தது. சமநிலைகள் இரண்டு: (தராதே, தராதே), (தா, தா).

x = 12 எனில், கடை 2 தராதபோது கடை 1க்கு இரண்டும் சமம், தரும்போது "தா" மேல். எனவே "தா" வலுக்குறைந்த ஆதிக்க உத்தி. (தராதே, தராதே) கட்டத்தில் மாறினாலும் அதே 12தான், கூடுதல் இல்லை. ஆகவே அதுவும் நாஷ் சமநிலை, (தா, தா)வும் நாஷ் சமநிலை. (தா, தராதே) சமநிலை ஆகாது, ஏனெனில் கடை 2 மாறினால் 5 என்பது 8 ஆகும். (தராதே, தா) கட்டத்தில் கடை 1க்கும் அதே கணக்கு.