தரங்கம்பாடி காலை நடை: வழிகாட்டி பேசும் உரை, ஜெர்மன் மொழிபெயர்ப்புடன்

குழு: ஜெர்மனியிலிருந்து 12 பேர். தொடக்கம் காலை 6.45, நகர வாயில் முன்பு. முடிவு மாசிலாமணிநாதர் கோயில். மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் பாதி மொழிபெயர்ப்புக்கு.

மொழிபெயர்க்கும் அக்காவுக்கு: (நி) என்றால் நான் நிறுத்திவிட்டேன், நீங்கள் பேசலாம். (நீ.நி) என்றால் நீங்கள் சொல்லி முடித்த பிறகும் நாம் இருவரும் சும்மா நிற்கிறோம், அவர்கள் பார்க்கட்டும். நான் தொடர்ந்து மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் கையை உயர்த்துங்கள். எனக்குப் பேச்சு வந்தால் நிற்காது. ஆண்டுகளைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். காதில் விழாவிட்டால் சிலேட்டைப் பாருங்கள்.

நகர வாயில்

வணக்கம். எல்லாரும் வந்தாச்சா? சரி, வாயிலுக்கு வெளியே இப்படி நில்லுங்கள், வண்டிகள் போகும். (நி)

இந்த வாயிலில் உள்ள ஆண்டு 1792. மேலே டென்மார்க் அரச முத்திரை. (நி)

டென்மார்க் எங்கே, இந்தச் சோழமண்டலக் கரை எங்கே! அந்தக் கதை 1620இல் தொடங்குகிறது. அதற்குக் கடற்கரையில் போய்ச் சேருவோம். (நி)

ஊர்ப் பெயரை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் குடியிருப்பு. (நி) ஆனால் பாடுவது என்ற சொல்லும் அதே ஓசையில் வருவதால், அலைகள் பாடும் ஊர் என்று சொல்கிறவர்கள் அதிகம். (நி)

[அக்கா, இந்தச் சிலேடை ஜெர்மனில் நிற்காது. இரண்டு பொருளையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள், சிரிப்பு வராவிட்டால் பரவாயில்லை.]

ராஜ வீதி, இரண்டு தேவாலயங்கள்

[நடக்கும்போது நான் பேச மாட்டேன். நீங்களும் பேச வேண்டாம், பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காது.]

முதலில் சீயோன் தேவாலயம். 1701இல் கட்டியது. (நி) வாருங்கள், அடுத்ததில்தான் நமக்கு வேலை.

இது புதிய எருசலேம் தேவாலயம், 1718. முகப்பில் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மேலே கிரீடம், அதோடு டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் எழுத்துச் சின்னம். (நீ.நி)

அந்த மன்னர் அனுப்பிய இரண்டு கிறிஸ்தவ மதபோதகர்கள் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரை இறங்கினார்கள். மன்னர் டென்மார்க்காரர், வந்தவர்கள் ஜெர்மானியர்கள். பெயர்கள் சீகன்பால்க், புளூட்சோ. (நி)

[பெயர்களை நீங்கள் ஜெர்மன் முறையில் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைக் கேட்டால் அவர்களுக்குப் புரியாது.]

சீகன்பால்க் தமிழ் கற்றது சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி. 'அ' எழுதப் பாருங்கள். இதோ, இப்படிச் சுழித்து, இப்படி இழுத்து. (நீ.நி)

[இங்கே நான் குனிந்து மண்ணில் எழுதுவேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். யாராவது தானும் எழுத ஆசைப்பட்டால் இரண்டு நிமிடம் கொடுப்போம், இந்த நிறுத்தத்தில் அவசரப்படக் கூடாது.]

அப்புறம் அச்சுக்கு வந்தார். தமிழ் எழுத்துகளை முதலில் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். (நி) எழுத்து அளவில் பெரிது. பெரிய எழுத்து காகிதத்தைத் தின்றுவிடும், காகிதமோ கிடைப்பதே கஷ்டம். (நி) அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். (நி)

இதே காலத்தில் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள். எழுத்து, காகிதம், அச்சு என்று மூன்றையும் இந்தச் சின்ன ஊரில் செய்து பார்த்திருக்கிறார்கள். (நி)

இதற்கு நடுவில் அவருக்கும் டென்மார்க் கோட்டைத் தலைவருக்கும் ஆகவில்லை. சுமார் நான்கு மாதம் கோட்டையிலேயே அடைத்து வைத்தார்கள். அந்தக் கோட்டைக்குத்தான் அடுத்து போகிறோம். (நி)

1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36. கல்லறை இந்தத் தேவாலயத்துக்குள்ளேயே, பலிபீடத்துக்கு முன்னால். உள்ளே போகலாம், மெதுவாக. (நீ.நி)

[உள்ளே பிரார்த்தனை நடந்தால் வாசலோடு திரும்பிவிடுவோம். கல்லறையைப் பற்றிய வரியை வெளியிலேயே சொல்லிவிடுங்கள்.]

டான்ஸ்போர்க் கோட்டை

[காற்று கடலிலிருந்து வரும். நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், நான் உங்கள் பக்கத்தில். குரல் அவர்கள் மேல் போகும். வாக்கியங்களைக் குட்டையாக வைத்திருக்கிறேன்.]

இதுதான் அந்த 1620. (நி)

தஞ்சாவூரை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். டென்மார்க் தரப்பில் வந்தவர் ஓவே கியெட்டே, இருபதுகளில் இருந்த இளைஞர். (நி)

அவர்களுக்கு வேண்டியது மிளகு. நாயக்கர் வணிகத்துக்கும் கோட்டை கட்டவும் அனுமதி கொடுத்தார். (நி)

அப்போது டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் போயிற்று. அது இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. (நி)

[தங்கத் தகடு என்றதும் கேள்வி வரும். அப்போதே பதில் சொல்லத் தொடங்கினால் நேரம் போய்விடும், கடைசியில் என்று சொல்லிவிடுங்கள்.]

கீழ்த்தளத்தில் கிடங்கு, வீரர்கள், சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் மதகுருவும். வாசனை வேறு, வாசம் வேறு! (நி)

[அந்தக் கடைசி வரி மிளகு வாசனையையும் குடியிருப்பையும் சேர்த்துச் சொன்ன விளையாட்டு. விட்டுவிடலாம், நான் நமக்காகச் சொல்வது.]

1845இல் டென்மார்க் இந்த ஊரையும், வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் விற்றது. விலை 12,50,000 ரூபாய். (நி)

[சிலேட்டைப் பாருங்கள். பன்னிரண்டரை லட்சம் என்பதை ஒன்றேகால் மில்லியன் என்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போய், கேட்டவர்கள் எல்லாம் விசிலடித்தார்கள்.]

படியேறிப் போங்கள், பத்து நிமிடம். சுவரில் உட்கார வேண்டாம். (நீ.நி)

மாசிலாமணிநாதர் கோயில்

கோட்டையை விட இது 300 ஆண்டுக்கு மேல் மூத்தது. 1306ஆம் ஆண்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். (நி) கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. அதாவது தரங்கம்பாடி என்ற பெயருக்கும் முன்னால் ஒரு பெயர். (நி)

கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது பார்ப்பது திருப்பணிக்குப் பின் உள்ள உருவம். (நி)

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரைக்கும் வந்தது. (நீ.நி)

[இந்த வரிக்கு அடுத்து நான் எதுவும் வைக்கவில்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம். மீனவர் குப்பத்து ஆட்கள் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களை நோக்கிக் கை காட்டாதீர்கள். யாராவது கேட்டால் மட்டும் பேசுவோம்.]

சரி, தங்கத் தகட்டுக் கேள்வி யாருடையது? இப்போது கேளுங்கள்.