முதுதத்துவமாணியிலிருந்து கலாநிதிப் பட்டத்துக்குத் தரமுயர்த்தும் அறிக்கை: பகுதி 3, இதுவரை செய்த பணியும் மீதிப் பணித் திட்டமும்

ஆய்வுத் தலைப்பு: யாழ்ப்பாணக் காணி உறுதிகளின் மொழியும் பெண்ணின் சொத்துரிமையும், 1890–1947

3.1 இதுவரை செய்த பணி

முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்தபோது என் கேள்வி சொற்களைப் பற்றியதாக இருந்தது. நொத்தாரிசு, கந்தோர், தோம்பு போன்ற போர்த்துக்கேய, ஒல்லாந்தச் சொற்கள் யாழ்ப்பாணத்து உறுதிகளில் எப்படிப் புழங்கின, எவை பிற்பாடு வழக்கொழிந்தன என்று பார்ப்பதே நோக்கம். அந்தப் பணி முடிந்துவிட்டது. இரண்டாம் அத்தியாயமாக எழுதி, மேற்பார்வையாளர் பார்த்துத் திருத்தமும் செய்தாயிற்று. அதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. அத்தியாயம் பின்னிணைப்பில் இருக்கிறது.

சொற்களுக்காக உறுதிகளை வாசிக்கும்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு காணியைப் பெண் விற்கும்போது, உறுதியில் அவளை எழுதும் முறை ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் கணவனும் மனைவியும் சேர்ந்து 'நாங்கள்' என்று எழுதிக்கொடுக்கிறார்கள். சிலவற்றில் பெண் தனியே 'நான்' என்கிறாள், கணவனின் சம்மதம் தனி வாக்கியமாகக் கீழே வருகிறது. தரமுயர்த்தலுக்கு நான் விண்ணப்பிப்பது இந்த வேறுபாட்டை விளக்குவதற்காகத்தான்.

ஆய்வின் தரவு 164 உறுதிகள். எல்லாம் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் குடும்பங்களின் கையில் இருப்பவை. அறுதி உறுதிகளும் சீதன உறுதிகளுமே பெரும்பான்மை. ஈடு, ஒற்றி, நன்கொடை உறுதிகளும் உண்டு. காணிப் பதிவகத்தின் படிகளை விட்டுக் குடும்பப் படிகளை ஏன் எடுத்தேன் என்று குழு கேட்கலாம். நொத்தாரிசு முடிக்கும் உறுதியில் மூலப்படி உரிமையாளரிடம் போகும், ஒரு படி பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசிடமே இருக்கும். நொத்தாரிசுகளிடம் இருந்த பழைய படிகள் பல போர்க் காலத்தில் அழிந்தன. குடும்பங்களோ 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் உறுதிப் பையைக் கையோடு கொண்டு போனார்கள். அதனால் சில குடும்பங்களில் ஒரே காணிக்கு மூன்று தலைமுறை உறுதிகள் தொடராகக் கிடைக்கின்றன. பதிவகப் படிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் இந்தத் தொடர்ச்சி புலப்படுவது கடினம்.

உறுதிகள் அனைத்தையும் எழுத்துப்பெயர்ப்புச் செய்து, ஒவ்வொன்றையும் ஆறு உறுப்புகளாகப் பிரித்திருக்கிறேன்: எழுதிக்கொடுப்பவர், பெறுபவர், உரித்து வந்த வழி, காணியின் பெயரும் பரப்பும், எல்லை, சாட்சியும் கையொப்பமும். எல்லைப் பகுதியில் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்ற வரிசை பெரும்பாலும் மாறாமல் வருகிறது. பரப்பைச் சொல்லும் இடத்தில் கவனம் தேவைப்பட்டது. நெல்லுக்குச் சொல்லும் லாச்சமும் வரகுக்குச் சொல்லும் லாச்சமும் ஒரே அளவல்ல என்பதால், லாச்சம் வரும் உறுதிகளில் எந்த விளைவு என்பதையும் சேர்த்தே குறித்தேன்.

இனி மையமான சிக்கல். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்டது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு ஆங்கிலேயர் ஆட்சியில் சட்ட வலு கொடுத்தது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே தனிச்சொத்து என்று வைத்தது. ஆனால் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றது. முதல் வாசிப்பில் 1911க்கு முந்திய உறுதிகள், பிந்திய உறுதிகள் என்று இரண்டாகப் பிரித்து ஒப்பிடலாம் போலத் தோன்றும். அது சரிவராது. இந்தச் சட்டம் தான் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்த திருமணங்களுக்கே பொருந்தியது. 1905இல் மணமானவள் 1925இல் காணி விற்றால், அவள் நிலை பழைய வழக்கின்படியானது. உறுதியின் திகதியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, திருமண ஆண்டு தெரிய வேண்டும்.

திருமண ஆண்டை உறுதி நேராகச் சொல்வதில்லை. ஆனால் உரித்து வந்த வழியில், 'எனக்குச் சீதனமாய்க் கிடைத்த' என்று எழுதி, அந்தச் சீதன உறுதியின் இலக்கமும் திகதியும் தரப்படுகின்றன. சீதன உறுதி பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டி எழுதப்படுவது. ஆகவே அந்தத் திகதியைத் திருமணக் காலத்துக்கான சான்றாக எடுக்கிறேன். இந்த முறையில் 71 விற்பனை உறுதிகளைத் திருமணக் காலப்படி வகைப்படுத்தியாயிற்று. இந்த முறைதான் இதுவரை செய்த பணியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. கலாநிதி ஆய்வு முழுவதும் இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

வகைப்படுத்திய உறுதிகளில், பழைய வழக்குக்கு உட்பட்ட பெண்களின் உறுதிகளிலும் 1920களில் தனிச் சம்மத வாக்கியம் வரத் தொடங்குகிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அதைக் கேட்கவில்லை. நொத்தாரிசுகள் ஒரே வாசகத்தை எல்லோருக்கும் பயன்படுத்தியிருக்கலாம். வாங்குபவர்கள் பிற்காலத் தகராறுக்கு அஞ்சி அதை வேண்டியும் இருக்கலாம். எது காரணம் என்று சொல்ல இப்போதைய தரவு போதாது.

3.2 மீதிப் பணி

முதல் வேலை, மூன்றாம் அத்தியாயத்துக்காக, அந்தக் காரணத்தைப் பிரித்தறிவது. தரவில் உள்ள உறுதிகளை நொத்தாரிசுவாரியாக அடுக்கிப் பார்ப்பேன். ஒரே நொத்தாரிசு எல்லா உறுதியிலும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தால் அது அலுவலகப் பழக்கம். ஒரே நொத்தாரிசின் கையிலேயே ஆளுக்காள் வாசகம் மாறினால், தரப்பினர் கேட்டு எழுதுவித்ததாகக் கொள்ள இடமிருக்கிறது. இதற்கு ஒவ்வொரு நொத்தாரிசுக்கும் போதிய உறுதிகள் வேண்டும். அதனால் தென்மராட்சிக் குடும்பங்களிடமிருந்து மேலும் உறுதிகள் திரட்டவும், குடும்பத் தொடரில் இடையில் விடுபட்டவற்றை மட்டும் காணிப் பதிவகத்தில் தேடவும் எண்ணுகிறேன். இது 2026 ஜனவரி முதல் செப்டெம்பர் வரை.

அடுத்தது நான்காம் அத்தியாயம், சீதன உறுதிகள். தாய் தன் சீதனத்தை மகளுக்குக் கொடுக்கும்போது கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் உரித்து ஆகியவை எப்படிப் பிரித்து எழுதப்பட்டன என்பதை ஆராய்வேன். காணி துண்டாகும்போது கிணறு துண்டாக முடியாது. ஆகவே சகோதரிகளுக்கு இடையிலான உறவும் எதிர்பார்த்த பிணக்கும் கிணற்றுப் பங்கைப் பற்றிய வாக்கியத்தில்தான் நுணுக்கமாகத் தெரிகின்றன. இந்த அத்தியாயத்தின் வரைவு 2027 மார்ச்சுக்குள் தயாராகும்.

ஐந்தாம் அத்தியாயம் 1947இல் வந்து முடியும். அந்த ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மணவாழ்வில் தேடிய சொத்தான தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தை மாற்றியது. அதற்குப் பிந்திய உறுதிகளுக்கு வேறொரு ஆய்வு வேண்டும். எல்லையை அங்கேயே நிறுத்த மேற்பார்வையாளரும் உடன்படுகிறார்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் சேர்க்கலாம் என்று முதலாம் ஆண்டு மீளாய்வில் ஒரு யோசனை வந்தது. காணிப் பெயர்களின் வரலாற்றுக்கு அவை மிகப் பயன்படும். ஆனால் அதற்கு ஒல்லாந்த மொழிப் பயிற்சி வேண்டும். பெண்ணின் உரிமை பற்றிய என் கேள்விக்கு அது இன்றியமையாததும் அல்ல. ஆகவே தோம்புகளைத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

ஒழுக்கநெறி அனுமதி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. ஆனால் புதிய குடும்பங்கள் சேர்வதால் அதை விரிவாக்க விண்ணப்பிக்க வேண்டும். பல காணிகள் இன்றும் வழக்கில் உள்ளன. ஆட்பெயர், காணிப்பெயர், உறுதி இலக்கம் எல்லாம் குறியீடுகளாக மாற்றப்படும், மூல உறுதியின் படம் எதுவும் ஆய்வேட்டில் இடம்பெறாது. இந்த வாக்குறுதியை நம்பித்தான் பல வீடுகளில் பையைத் திறந்தார்கள்.

முழு வரைவை 2028 ஜூனில் மேற்பார்வையாளரிடம் கொடுத்து, அதே ஆண்டு டிசெம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் திட்டம். தென்மராட்சியில் எதிர்பார்த்த அளவு உறுதிகள் கிடைக்காவிட்டால், நொத்தாரிசுவாரி ஒப்பீட்டை வடமராட்சியோடு மட்டுப்படுத்தி மூன்றாம் அத்தியாயத்தைச் சுருக்குவேன். அப்போதும் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களின் கால அட்டவணை மாறாது.