நூல்வாசல் கைத்தறி இணையதளம்: வேலை ஒப்பந்தம்

சென்னிமலையில் நூல்வாசல் கைத்தறி கடை நடத்தும் கலாமணி (இனி "நீங்கள்"), கோவையில் தனியாக வெப் டெவலப்பராக வேலை செய்யும் பிரபு (இனி "நான்") ஆகிய இருவரும் 2026 ஜூன் 15 அன்று செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது. பின்னால் மனஸ்தாபம் வரக்கூடிய இடங்களை இப்போதே பேசி முடித்துவிட வேண்டும் என்பதால் சில பகுதிகள் நீளமாக இருக்கும்.

வேலையும் பணமும்

போர்வை, ஜமக்காளம், துண்டு விற்க தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் இணையதளம், வேர்ட்பிரஸ் - வூகாமர்ஸில். பக்கங்களும் வசதிகளும் இணைப்புப் பட்டியலில் இருக்கின்றன, அதில் இல்லாதது இந்த விலைக்குள் வராது. மொத்தம் 90,000 ரூபாய். கையெழுத்தாகும்போது 27,000, சோதனைத் தளத்தை உங்கள் கையில் கொடுக்கும்போது 36,000, நீங்கள் ஏற்றுக்கொண்ட 7 நாளில் மீதி 27,000. நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை, அதனால் பில்லில் வரி இருக்காது. சட்டப்படி டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருந்தால் பிடித்துக்கொண்டு சான்றிதழ் கொடுங்கள்.

டொமைன், ஹோஸ்டிங், ரேசர்பே கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்தான் திறக்க வேண்டும். என் பெயரில் எதையும் வாங்க மாட்டேன். நாளைக்கு வேறு ஆளிடம் போனாலும் கடை உங்கள் கையில் இருக்க வேண்டும். படங்களும் விலைப்பட்டியலும் ஜூலை 5-க்குள் எனக்கு வந்தால் ஆகஸ்ட் 10 அன்று சோதனைத் தளம் தயார். தாமதமானால் அத்தனை நாள் தேதியும் தள்ளிப்போகும்.

ஏற்புச் சோதனை

ஆகஸ்ட் 10 முதல் 21 வரை நீங்களும் கடையில் ஆர்டர் பார்ப்பவரும் சோதித்துப் பாருங்கள், கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, கடையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனிலும். இந்த நான்கும் கட்டாயம் தேற வேண்டும்:

- யுபிஐ-யில் பணம் கட்டிவிட்டு, நம் பக்கம் திரும்பி வருவதற்குள் நெட்டை அணைத்தாலும், ஆர்டர் "பணம் வந்தது" என்று பதிவாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் போய் ஆர்டர் காணாமல் போவதுதான் கடைக்குக் கெட்ட பெயர், அதனால் இதை ஐந்து முறையாவது செய்து பாருங்கள்.
- ஒரே ஒரு டபுள் காட் போர்வை மிச்சம் இருக்கும்போது இரண்டு போனில் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டால், ஒருவருக்கு மட்டுமே கிடைக்க வேண்டும்.
- தமிழில் அடித்த முகவரி, பார்சல் லேபிளில் எழுத்து உடையாமல் அச்சாக வேண்டும்.
- பணம் திருப்பித் தந்தால் ஸ்டாக் எண்ணிக்கை சரியாகக் கூட வேண்டும்.

குறைகளைப் பொதுவான ஷீட்டில் ஸ்கிரீன்ஷாட்டுடன் எழுதுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. திருத்தித் தந்த பிறகு மறுபடி 5 நாள் சோதனை, இப்படி இரண்டு சுற்று. அதன் பிறகும் இந்த நான்கில் ஒன்று தேறாவிட்டால் நீங்கள் விலகலாம். 36,000-ஐ 15 நாளில் திருப்பித் தருவேன், அதுவரை எழுதிய கோடையும் கொடுத்துவிடுவேன். முதல் தவணை 27,000 திரும்பாது.

21-ஆம் தேதிக்குள் பதிலே வராவிட்டால் வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவேன். அதற்குப் பின் 3 நாள் கழிந்தால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வோம்.

பிழை திருத்தும் காலம்

தளம் மக்களுக்குத் திறந்த நாளிலிருந்து 60 நாள், பிழைகளை இலவசமாகத் திருத்துவேன். பட்டியலில் எழுதியபடி வேலை செய்யாதது பிழை. எழுதியபடி வேலை செய்து, "இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றுவது மாற்றம், அதற்கு மணிக்கு 700 ரூபாய், தொடங்கும் முன்பே எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுப்பேன். பணம் கட்டுவதோ ஆர்டரோ நின்றுபோனால் 4 மணி நேரத்தில் உட்கார்ந்து 24 மணி நேரத்தில் முடிப்பேன், ஞாயிறானாலும் சரி. மற்றவை 5 வேலை நாள். ஹோஸ்டிங்கோ ரேசர்பேயோ படுத்துவிட்டால் அது என் பிழை ஆகாது, ஆனாலும் அவர்களிடம் டிக்கெட் போட்டு விடாமல் கேட்டு முடித்துத் தருவேன். வேறு யாராவது பிளகின் போட்டுக் கெட்டுப்போனால் அது இலவசத்தில் வராது.

பராமரிப்பு

60 நாள் முடிந்த மறுநாளிலிருந்து மாதம் 3,500 ரூபாய், மாதம் பிறந்த 5-ஆம் தேதிக்குள். அதில் வேர்ட்பிரஸ், பிளகின் அப்டேட் (முதலில் சோதனைத் தளத்தில் போட்டுப் பார்த்துத்தான்), தினசரி பேக்கப், மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பைத் திறந்து பார்ப்பது, 5 மணி நேரம் சின்ன வேலைகள். அதற்கு மேல் மணிக்கு 700. மிச்ச மணி நேரம் அடுத்த மாதத்துக்குப் போகாது. தீபாவளிக்கு முந்தைய 15 நாள் எந்த அப்டேட்டும் போட மாட்டேன், பாதுகாப்புக்கு அவசியமானதைத் தவிர. யார் நிறுத்த நினைத்தாலும் 30 நாள் முன்னால் எழுதிச் சொன்னால் போதும், பாஸ்வேர்டுகளோடு எல்லாம் ஒப்படைப்பேன்.

உரிமை

கடைசித் தவணை வந்ததும், உங்களுக்காக நான் எழுதிய கோடு, வடிவமைப்பு எல்லாவற்றின் பதிப்புரிமையும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் உங்களுக்கு மாறுகிறது. காலமும் இடமும் எழுதாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி 5 வருடம், இந்தியாவுக்குள் என்று மட்டுமே கொள்ளப்படும் என்பதால் இதை விளக்கமாக எழுதியிருக்கிறோம். வேர்ட்பிரஸும் வெளி பிளகின்களும் அவற்றின் உரிமப்படியே. வாடிக்கையாளர் போன் எண், முகவரியை வேறு எதற்கும் நான் பயன்படுத்த மாட்டேன்.

சண்டை வந்தால் முதலில் நேரில் உட்கார்ந்து பேசுவோம், 30 நாளில் தீராவிட்டால் ஈரோடு நீதிமன்றம். இருவருக்கும் ஆளுக்கொரு நகல்.

கையெழுத்து: கலாமணி, நூல்வாசல் கைத்தறி, சென்னிமலை
கையெழுத்து: பிரபு, கோவை