துண்டு இல்லாமல் கேட்கப்பட்ட மாத்திரை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் பாமசிக்கு அந்தத் தம்பி வந்தபோது கவுண்டரில் நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் போகும்வரை அவர் பற்பசை அடுக்கிய பக்கத்தில் நின்று, பின்வந்த இருவரையும் முன்னே விட்டுவிட்டு, கடைசியாக ஒரு காட் பனடோல் கேட்டார். எடுத்துக் கொடுத்த பிறகும் அவர் கையை விலக்கவில்லை.

"வேறு ஏதாவது வேண்டுமா, தம்பி?" என்று கேட்டேன்.

"அண்ணை, ஆண்களுக்கு என்று ஒரு மாத்திரை இருக்கிறதாமே, விறைப்பு வருவதற்கு. அது உங்களிடம் இருக்கிறதா?"

கேட்கும்போது அவருடைய குரல் எனக்கே அரைகுறையாகத்தான் எட்டியது. எங்களைப் போன்ற சிறிய கடைகளில் தனியறை கிடையாது. ஆகவே உதவியாளரான பிள்ளையை உள்ளே சென்று மருந்துப் பெட்டிகளைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் பேச்சை மூடிவிடும் ஓரத்துக்கு அவரை அழைத்தேன். இத்தகைய கேள்வியோடு வருபவர் கவுண்டரில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் முகம் சுளிக்கப்பட்டாலோ சிரிக்கப்பட்டாலோ, அடுத்த முறை முகநூல் விளம்பரத்திடம்தான் போவார். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

"இருக்கிறது. சில்டெனாபில் என்பது அதன் பெயர். வயாகரா என்று நீர் கேள்விப்பட்டிருப்பதும் அதுதான். ஆனால் மருத்துவரின் துண்டு இல்லாமல் அதை நான் தர முடியாது. உம்மைத் திருப்பி அனுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. சில விடயங்களைக் கேட்கிறேன், பதில் சொல்ல விருப்பமானால் சொல்லும். இந்த மாத்திரை உமக்குத்தானா?"

"எனக்குத்தான். கலியாணம் செய்து நான்கு மாதம். எனக்கு இருபத்தொன்பது வயது." சற்றுத் தயங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதற்குள் நீல நிறத்தில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. "கொழும்பில் வேலை செய்யும் கூட்டாளி தந்தான். நூறு மில்லிகிராமாம். முதல் நாள் இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னான். பயத்தில் இன்னும் போடவில்லை."

"போடாமல் விட்டது நல்லது. வழமையாக ஐம்பது மில்லிகிராமில் தொடங்குவார்கள், ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை, நூறுதான் உச்ச அளவு. அவன் சொன்னபடி போட்டிருந்தால் அந்த உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு உடம்புக்குள் போயிருக்கும். அதோடு, உறை இல்லாத மாத்திரையில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீர் வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீரா? பிரஷருக்கு, சீனி வருத்தத்துக்கு, நெஞ்சு நோவுக்கு?"

"நான் ஒன்றும் எடுப்பதில்லை. அப்பாவுக்குத்தான் இருதய வருத்தம். நோ வந்தால் நாக்கின் கீழ் வைக்கும் சின்ன மாத்திரை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும்."

இந்த இடத்தில் நான் அவசரப்படவில்லை. துண்டு கேட்பதற்கான காரணங்களில் இதுவே முதன்மையானது, அது அவருடைய வீட்டிலேயே இருந்தது.

"தம்பி, இதைக் கவனமாகக் கேளும். அப்பாவின் மாத்திரை நைத்திரேற்று வகையைச் சேர்ந்தது. அது இரத்தக்குழாய்களை விரித்து இதயத்தின் பாரத்தைக் குறைக்கிறது. சில்டெனாபிலும் இரத்தக்குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது, அதனால்தான் ஆணுறுப்புக்குள் இரத்தம் நிறைந்து நிற்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சடுதியாக விழுந்து, ஆள் மயங்கி, உயிரே போகலாம். ஆகவே நீர் என்றாவது இந்த மாத்திரையை எடுத்த பின்னர் நெஞ்சு நொந்தால், அப்பாவின் மாத்திரையை நாக்கின் கீழ் வைக்கக் கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்சை வரச் சொல்லி, எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர் என்பதை வெட்கப்படாமல் அவர்களிடம் சொல்ல வேண்டும். அதேபோல உம்முடைய மாத்திரை அப்பாவின் கைக்கு எட்டவே கூடாது."

"அப்படியென்றால் இது இதயத்தைப் பழுதாக்கும் மருந்தா, அண்ணை?"

"இல்லை. முதலில் இதை ஆராய்ந்ததே நெஞ்சு நோவுக்காகத்தான். அந்த ஆய்வில்தான் இந்தப் பயன் தெரியவந்து, 1998 இல் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. நல்ல உடம்புக்காரருக்குத் தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, சமிபாட்டுக் குழப்பம் வரலாம். சிலருக்குக் கொஞ்ச நேரம் பொருள்கள் நீலமாகத் தெரியும். விறைப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காமல் நின்றாலும், திடீரென்று கண்பார்வை குறைந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சரி, காலையில் நித்திரையால் எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா?"

அவர் நிலத்தைப் பார்த்தபடி, "இருக்கிறது. தனியாக இருக்கும்போதும் குறையில்லை. அவவோடு இருக்கும்போதுதான் பாதியில் போய்விடுகிறது," என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. காலையில் விறைப்பு வருகிறதென்றால் இரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். குழப்பம் மனப்பதற்றத்திலோ களைப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அதை அவரிடமும் சொல்லி, என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன்.

"அறுவடை மெசின் ஓடுகிறேன். காலபோக வெட்டு நேரம் பரந்தன், முரசுமோட்டை, விசுவமடு என்று இரவு ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் வயலில்தான். வேலை முடிந்தால் பொடியளோடு கொஞ்சம் சாராயம். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரட்டும் முடியும்." பிறகு, கேளாமலே சொன்னார்: "வீட்டில் ஒரு அறைதான் சுவர் வைத்தது. மற்றப் பக்கம் தகரம். அம்மாவும் அப்பாவும் அங்கே படுப்பார்கள். காலையில் எழும்பினால் மாமியார் போனில், விசேஷம் ஏதும் இல்லையா என்று கேட்பா."

தகரத்துக்கு அப்பால் பெற்றோர் இருமும் சத்தம் கேட்கும் வீட்டில், புதிதாய்க் கலியாணம் செய்த இருவர் படும் பாட்டை எந்த மாத்திரையும் தீர்க்காது. எங்கள் மாவட்டத்தில் இது ஒருவருடைய கதை மட்டுமல்ல.

"சாராயமும் சிகரட்டும் இரண்டுமே விறைப்பைக் கெடுப்பவை, தம்பி. களைப்பும் அதோடு சேர்ந்தால் உடம்பு மறுப்பது இயல்பு. ஒரு நாள் தவறியதும் அடுத்த நாள் 'இன்றைக்கும் தவறுமோ' என்று நீர் உம்மையே காவல் காக்கத் தொடங்குகிறீர். அந்தப் பயமே விறைப்பைக் குலைத்துவிடும். இந்த மாத்திரையும் ஆசை இல்லாத இடத்தில் தானாக வேலை செய்வதில்லை. மனம் நாடினால்தான் உதவும். கொழுப்புக் கூடிய சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் அதன் வேலையும் பிந்தும்."

"சின்ன வயதில் கைப்பழக்கம் இருந்தது, அண்ணை. அதனால் நரம்பு தளர்ந்துவிட்டதென்று ஒரு விளம்பரத்தில் சொன்னார்கள். லேகியம் ஒன்றுக்குக் காசும் அனுப்பினேன்."

"கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. அதை நீர் இன்றோடு மனதை விட்டு இறக்கிவிடும். லேகியத்தையும் எடுக்க வேண்டாம். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய பொருள்களுக்குள் சில்டெனாபிலையே சொல்லாமல் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. உடம்பில் பழைய காயம், ஒப்பரேஷன் ஏதாவது உண்டா?"

அவர் இடுப்பின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "2009 இல் மாத்தளனில் பட்ட செல் பீஸ் ஒன்று இன்னும் உள்ளேதான். எடுத்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள்."

"கால் மரத்துப்போதல், சலம் போவதில் கட்டுப்பாடு இல்லாமை, அடிப்பகுதியில் உணர்வு குறைதல்?"

"இல்லை. மூட்டை தூக்கினால் மட்டும் நோகும்."

"அப்படியானால் பெரும்பாலும் இதற்கும் அதற்கும் தொடர்பிருக்காது. ஆனாலும் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லும். விறைப்புக்கான நரம்புகள் அந்தப் பக்கத்தால்தான் போகின்றன. எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் உள்ளே இரும்பு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்."

அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன், 128க்கு 82. சீனியும் கொழுப்பும் பரிசோதிக்க வேண்டும் என்றேன். ஆணுறுப்பின் இரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களை விட ஒடுக்கமானவை என்பதால், சிலருக்கு இதய வருத்தம் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விறைப்புக் குறைவு அதன் அறிகுறியாக வருகிறது. தந்தைக்கு இருதய வருத்தமும் கையில் சிகரட்டும் உள்ள ஒருவர் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

"மாவட்ட வைத்தியசாலையில் காட்டலாம். ஆனால் அங்கே என் பெரியம்மாவின் மகள் தாதி. பதிவு செய்யும் இடத்தில் என்ன வருத்தம் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டால் நான் என்ன சொல்வது?"

"'மருத்துவரிடம் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லும், அது போதும். அங்கே மனம் ஒப்பாவிட்டால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகலாம், அங்கும் காசில்லை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் இதை நீட்டும்."

ரசீதுப் புத்தகத்தின் வெற்றுத் தாள் ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: "வயது 29. திருமணமாகி நான்கு மாதம். உறவின்போது விறைப்பு நீடிப்பதில்லை, காலையில் உண்டு. நாளுக்கு ஒரு பெட்டி சிகரட், மதுப் பழக்கம். தந்தைக்கு இருதய நோய். இடுப்பில் செல் துண்டு. வேறு மருந்துகள் இல்லை. இரத்த அழுத்தம் 128/82." அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"வீட்டில் அவவுக்கு என்ன சொல்வது?"

"உண்மையைச் சொல்லும். நீர் பேசாமல் திரும்பிப் படுத்தால், தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். கொஞ்ச நாளைக்கு, கட்டாயம் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு இருவரும் நெருக்கமாக மட்டும் இரும். வெட்டு முடிந்ததும் எங்காவது உறவினர் வீட்டுக்கு நாலு நாள் போக முடிந்தால் போய் வாரும். விரும்பினால் அவவையும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகலாம்."

கடதாசியிலிருந்த நீல மாத்திரைகளை அழிப்பதற்காக என்னிடம் தரச் சொன்னேன். தந்தார். பனடோலுக்குக் காசு கொடுத்தபோது அவருடைய குரல் சாதாரண அளவுக்கு வந்திருந்தது.

"துண்டு தந்தால் நான் எப்போது வர, அண்ணை? அந்தப் பிள்ளையிடம் கொடுக்க எனக்கு ஒரு மாதிரி."

"செவ்வாய் எனக்கு லீவு. மற்ற நாள்களில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு நான்தான் நிற்பேன். துண்டை நீட்டினால் போதும், பெயர் சொல்லிக் கேட்கத் தேவையில்லை."